பாட்டில் எங்கே இருக்கிறது?

ஐயா, நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். இந்த ஜூனில் மகளை எல்.கே.ஜி.யில் சேர்த்தோம். முதல் நாள் பெற்றோரை உள்ளே விடவில்லை, கேட்டிலேயே நின்று பார்த்தேன். அன்றிரவு எழுதிய கவிதை இது. வாட்ஸ்அப்பில் போட்டபோது படித்து அழுததாகப் பலர் சொன்னார்கள். இரண்டு பத்திரிகைகளுக்கு அனுப்பினேன், பதில் இல்லை. என் மனைவி மட்டும் "இதுல நம்ம பொண்ணு எங்க இருக்கா?" என்று கேட்டாள். அது உறுத்துகிறது. உண்மையைச் சொன்னால், மகள் அன்று அழவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. முன்னால் போன பையனின் பையில் தொங்கிய ஒரு பொம்மையைப் பார்த்துக்கொண்டே போய்விட்டாள். நான்தான் நின்றுகொண்டிருந்தேன். வாட்ச்மேன் "ரெண்டு நாள்ல பழகிடும், கெளம்புங்க" என்றார். கம்பெனிக்குப் போய் மெஷினில் உட்காரும்போதுதான் அவளுடைய வாட்டர் பாட்டில் என் தோளிலேயே இருப்பதைப் பார்த்தேன். கவிதையில் என்ன தப்பு, எப்படித் திருத்துவது?

பள்ளி வாசலில் ஒரு பட்டாம்பூச்சி

கூட்டை விட்டுப் பறக்கிறது
என் சின்னஞ்சிறு சிட்டுக்குருவி!
கல்வி என்னும் வானில்
சிறகு விரிக்கும் நாள் இன்று.
பாதி திறந்த இரும்பு கேட்டில்
கம்பியைப் பிடித்தபடி நிற்கிறேன்.
நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய்;
'அப்பா போகாதே' என்று உன் உள்ளம் அழுதது.
என் இதயமோ கண்ணாடியாய்ச்
சுக்குநூறாய் உடைந்தது.
உன் வாட்டர் பாட்டில் மட்டும்
என் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது.
போய் வா மகளே,
நாளைய உலகம் உன் கையில்!

— ஒரு தந்தை, திருப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மனைவிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் கேட்டது பத்திரிகைக்காரர்கள் உங்களுக்கு எழுதியிருக்க வேண்டிய பதில். அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டுதான் உங்கள் பதினான்கு வரியையும் பென்சிலோடு படித்தேன். தலைப்பில் ஒரு பட்டாம்பூச்சி இருக்கிறது. இரண்டாவது வரிக்குள் அது சிட்டுக்குருவியாகிவிட்டது. அடுத்த இரண்டு வரி அந்தக் குருவிக்கு வானம் கட்டுவதில் போய்விடுகிறது. மகள் என்ற மனுஷி கவிதைக்குள் வந்து ஒரு காரியம் செய்வது ஏழாவது வரியில் மட்டும்தான். அங்கேயும் அன்று செய்யாத ஒன்றைச் செய்கிறாள்.

அதனால் அந்த ஏழாவது வரியிலிருந்தே தொடங்குகிறேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள், கவிதையில் திரும்பிப் பார்க்க வைத்துவிட்டீர்கள். ஏன் அப்படி மாற்றினீர்கள் என்று எனக்குப் புரிகிறது. பள்ளிக்கூட முதல் நாள் என்றால் குழந்தை திரும்பிப் பார்த்து அழ வேண்டும், அப்பன் கலங்க வேண்டும் என்று ஒரு வார்ப்பு எல்லோருடைய மனதிலும் இருக்கிறது. பேனாவை எடுத்ததும் கை தானாக அந்த வார்ப்புக்குள் போய்விடும். ஆனால் அன்று உங்களைக் கேட்டிலேயே நிற்க வைத்தது எது? அழுகிற குழந்தையை விட்டுவிட்டு வருவதும் கஷ்டம்தான். ஆனால் மூன்றரை வருடம் உங்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டே நடந்த குழந்தை, யாரோ ஒரு பையனின் பையில் ஆடும் பொம்மைக்காக உங்களை மறந்துவிட்டுப் போகிறது என்பது வேறு வகைக் கஷ்டம். அதை யாரிடமும் புகாராகச் சொல்ல முடியாது. சொன்னால் சிரிப்பார்கள், "நல்லதுதானேப்பா" என்பார்கள். அப்படி வெளியே சொல்ல முடியாதது ஒன்று உங்களிடம் இருந்தது. அதை மறைத்துவிட்டு, எல்லோரும் சொல்லக்கூடிய ஒன்றை எழுதிவிட்டீர்கள். வாட்ஸ்அப்பில் அழுதவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் தங்கள் குழந்தையை நினைத்துக்கொண்டு அழுதிருக்கிறார்கள். உங்கள் குழந்தையைக் கவிதையில் தேடியவர் உங்கள் மனைவி ஒருவர்தான்.

இனி கேட்டுக்கு வருவோம். கேட்டில் நின்று பார்ப்பதாக எழுதும் கவிதைக்கு ஒரு பெரிய வசதி உண்டு. எதைப் பார்க்க முடியாது என்பது முதலிலேயே முடிவாகிவிடுகிறது. வகுப்பறை தெரியாது. டீச்சர் என்ன சொன்னார் என்று கேட்காது. முக்கியமாக, போகிற குழந்தையின் முகம் தெரியாது, முதுகுதான் தெரியும். "உன் உள்ளம் அழுதது" என்று நீங்கள் எழுதியதும் கம்பிக்குள் புகுந்து, முற்றத்தைத் தாண்டி, குழந்தையின் நெஞ்சுக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டீர்கள். வாட்ச்மேன் உங்களை உள்ளே விடவில்லை என்பதுதானே கவிதையின் ஆதாரமே? கவிதைக்குள்ளும் அவர் உங்களை விடக் கூடாது.

அப்படியானால் என்னதான் தெரியும்? எல்.கே.ஜி. குழந்தையைப் பின்னாலிருந்து பார்த்திருக்கிறீர்கள். பின்னங்கழுத்திலிருந்து முழங்கால்வரை பைதான். பை நடந்து போவது போலவே இருக்கும், கீழே இரண்டு கால்கள் மட்டும் தெரியும். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனதும் மற்றப் பிள்ளைகளோடு கலந்துவிடுவாள். அப்போது எது உங்கள் பை, எது அடுத்த வீட்டுப் பை என்று தெரியாது. இதில் கற்பனை ஏதும் இல்லை, கேட்டில் நிற்கும் எவருக்கும் கண்ணில் படுவது. குருவி அங்கே யாருக்கும் தெரியவில்லை. தவிரவும், பறக்கக் கற்று கூட்டை விட்டுப் போன குருவிக்குஞ்சு போனதுதான். மதியம் பன்னிரண்டரைக்குச் சட்டை முழுக்க சாம்பார் சாதத்தோடு வேனில் வந்து இறங்கும் குருவியை நான் பார்த்ததில்லை.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் இதே தப்பைச் செய்தவன். என் மகனைச் சேர்த்த வருடம் நானும் ஒரு பள்ளிவாசல் கவிதை எழுதி ஒரு சிறுபத்திரிகைக்கு அனுப்பினேன். அதில் பறவை இல்லை, நாற்று இருந்தது. நாற்றங்காலிலிருந்து பிடுங்கி வயலில் நடுவதாக எழுதியிருந்தேன். ஆசிரியர் போஸ்ட்கார்டில் ஒரே ஒரு வரி எழுதி அனுப்பினார்: "கதவு எந்தப் பக்கம் திறக்கும்?" ஒரு வாரம் எனக்குக் கோபம் அடங்கவில்லை. பிறகு மகனைக் கூட்டிவரப் போனபோது பார்த்தேன். அந்தக் கேட் வெளிப்பக்கமாகத் திறப்பது. அப்படியானால் முதல் நாள் கதவைத் திறந்தபோது, அங்கே நின்ற நாங்கள் அத்தனை பேரும் ஓர் அடி பின்னால் போயிருக்க வேண்டும். போனோம். இப்போது நினைத்தால் கால்கூட ஞாபகம் இருக்கிறது. பிள்ளையை உள்ளே அனுப்புகிற நேரத்தில் அப்பன் பின்னால் நகர்கிறான் என்பது அப்படியே கைக்குக் கிடைத்திருக்கிறது, நான் நாற்று நட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

உங்கள் கேட்டைப் பற்றி "பாதி திறந்த" என்று ஒரு சொல் தந்திருக்கிறீர்கள். நல்ல சொல், வைத்துக்கொள்வோம். இன்னும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இரண்டு கதவில் ஒன்றை மட்டும் திறந்தார்களா? தள்ளுகிற கேட்டா? பெரிய கேட்டில் சின்னதாக ஒரு திட்டிவாசல் இருந்ததா? திட்டிவாசல் என்றால் பெரியவர்கள் குனிந்துதான் நுழைய வேண்டும். உங்கள் மகள் குனியாமலே போயிருப்பாள். "குனியாமல் நுழைகிறாள்" என்ற இரண்டு சொல்லில் அவள் உயரம், வயது, அந்த இடம் யாருக்காகக் கட்டியது என்பது எல்லாம் வந்துவிடும். ஆனால் அப்படி இருந்திருந்தால் மட்டும் எழுதுங்கள். நான் சொன்னேன் என்பதற்காகக் கம்பி கேட்டில் திட்டிவாசல் வெட்ட வேண்டாம்.

சரி, பாட்டில். உங்கள் கவிதையில் உயிருள்ள வரிகள் பதினொன்றும் பன்னிரண்டும்தான். அவற்றை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். மேலே கண்ணாடி இதயம் நொறுங்குகிறது, கீழே நாளைய உலகம் கைமாறுகிறது. நடுவில் மாட்டிக்கொண்ட பாட்டிலை யார் கவனிப்பார்கள்? போதாததற்கு "மட்டும்" என்று ஒரு சொல்லை ஒட்டிவிட்டீர்கள். அது வாசகனின் தோளைத் தட்டி "இங்கே பார், இதுதான் சோகம்" என்று விரலை நீட்டுகிற சொல். கவிதை எழுதத் தொடங்கும் எல்லோருக்கும் "மட்டும்" மேல் ஒரு காதல் உண்டு. கடைசி வரிகளில் அது வந்தால் பெரும்பாலும் அடித்துவிடலாம்.

எடுத்துக் கடைசியில் வைத்தால் சரியாகிவிடுமா? அப்படித்தான் முதலில் தோன்றும். நானும் ஒரு தாளில் செய்து பார்த்தேன்:

அவள் போய்விட்டாள்.
தோளில்
அவள் வாட்டர் பாட்டில்.

பரவாயில்லை. ஆனால் இதில் ஒரு வித்தைக்காரன் தெரிகிறான். பையிலிருந்து முயலை எடுத்துக் காட்டி, கைதட்டலுக்காக நிற்கிறான். உங்களுக்கு அன்று நடந்தது அப்படி இல்லையே. பாட்டில் காலையிலிருந்தே தோளில் இருந்தது. இருப்பதே தெரியாமல் இருந்தது. அதற்குச் சரியான இடம் கவிதையின் தொடக்கம். கேட், கம்பி, கை என்று சொல்லிக்கொண்டு போகும்போது, அவற்றோடு ஒன்றாக "தோளில் அவள் பாட்டில்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். குழந்தையின் பாட்டிலை அப்பா சுமப்பதில் என்ன இருக்கிறது, எல்லா அப்பாக்களும் சுமப்பதுதான் என்று வாசகனும் கடந்துவிடுவான். பிறகு அவள் உள்ளே போகிறாள். கவிதை முடிகிறது. பாட்டிலைப் பற்றிப் பேச்சே இல்லை. கவிதையை மூடிவிட்டு எழுந்த பிறகு வாசகனுக்கு உறைக்க வேண்டும்: ஐயோ, பாட்டிலைக் கொடுக்கவே இல்லையே! உங்களுக்கு மெஷினில் உட்காரும்போது உறைத்த மாதிரி.

இந்த இடத்தில் காலமும் முக்கியம். உங்கள் கவிதையில் பறக்கிறது, நிற்கிறேன் என்று நிகழ்காலம், பிறகு பார்த்தாய், உடைந்தது என்று இறந்தகாலம். இரண்டும் கலந்துகிடக்கின்றன. முழுக்க நிகழ்காலத்துக்கு மாற்றுங்கள், சொல்கிறேன் ஏன் என்று. "நின்றேன், போனாள்" என்று இறந்தகாலத்தில் சொல்பவர் வீட்டுக்கு வந்து இரவில் எழுதுகிறவர். அவருக்குப் பாட்டில் சமாச்சாரம் தெரியும். தெரிந்துகொண்டு வாசகனிடம் மறைத்தால் அது ஏமாற்று வேலை. "நிற்கிறேன், போகிறாள்" என்று சொல்பவர் இன்னும் கேட்டில்தான் இருக்கிறார். அவர் எதையும் மறைக்கவில்லை, அவருக்கே இன்னும் தெரியாது.

நீங்கள் இங்கே ஒன்று கேட்கலாம். பாட்டிலைக் கேட்டில் நான் கவனிக்கவே இல்லை, கவனித்த மாதிரி எழுதினால் அதுவும் பொய்தானே, திரும்பிப் பார்த்தாள் என்று எழுதியதைத் திட்டிவிட்டு இதை மட்டும் எப்படி ஒப்புக்கொள்வது? நியாயமான கேள்வி. பாட்டில் தோளில் இருந்தது நடந்தது. மனம் கவனிக்காததைக் கவிதையின் கண் கவனித்துப் பட்டியலில் போடுகிறது, அவ்வளவுதான். அதன் அர்த்தம் பேசுகிறவருக்கு அப்போதும் தெரிவதில்லை. திரும்பிப் பார்த்தாள் என்பதோ நடக்கவே இல்லை. நடந்ததை மறைப்பதற்காக அங்கே வந்து உட்கார்ந்தது. நடந்ததை இடம் மாற்றலாம், குறைக்கலாம், இரண்டு நாளை ஒரு நாளாக்கலாம். வலிக்கிற இடத்தை மூடுவதற்காக ஒன்றை இட்டுக்கட்டினால் கவிதை அங்கேதான் ஓட்டையாகும்.

அடுத்தது, யாரிடம் பேசுகிறீர்கள் என்பது. "நீ" என்று மகளிடம் பேசுகிறீர்கள். அவளுக்கு இன்னும் "அ"னாவே தெரியாது. போகிறவளை நோக்கி "நீ" என்று தொடங்கினால் கடைசியில் வாழ்த்தியே தீர வேண்டியிருக்கும். "போய் வா மகளே, நாளைய உலகம் உன் கையில்" உங்கள் நெஞ்சிலிருந்து வந்ததில்லை, "நீ" என்ற சொல் இழுத்துக்கொண்டு வந்தது. பள்ளி ஆண்டுவிழா மேடையில் சிறப்பு விருந்தினர் சொல்கிற வாக்கியம். "அவள்" என்று மாற்றிப் பாருங்கள், அந்த இரண்டு வரியும் தானாக உதிர்ந்துவிடும்.

நம் மொழியில் இந்த நிலைமைக்கு இரண்டாயிரம் வருடப் பழக்கம் உண்டு. பள்ளிக்கூடத்துக்கு அல்ல, காதலனோடு பாலைவழியில் போய்விட்ட மகளுக்கு. நற்றிணையின் 184ஆம் பாட்டை எடுத்துப் படியுங்கள், ஒன்பதே வரி. "ஒரு மகள் உடையேன் மன்னே" என்று தாய் தொடங்குகிறாள். எனக்கிருந்தது ஒரே மகள், நேற்றுப் போய்விட்டாள். அவள் மகளிடம் பேசவில்லை. மகள்தான் இல்லையே. ஆறுதல் சொல்ல வந்தவர்களிடம் பேசுகிறாள். "தாங்கு நின் அவலம்" என்கிறீர்களே, எப்படி முடியும், "அறிவுடையீரே" என்கிறாள். அந்த "அறிவுடையீரே"யில் இருக்கும் கசப்பைக் கவனியுங்கள். உங்கள் கேட்டிலும் அப்படி ஒரு அறிவுடையவர் நின்றிருக்கிறார்: ரெண்டு நாள்ல பழகிடும், கெளம்புங்க. அவரைக் கடிதத்தில் விட்டுவிட்டுக் கவிதைக்கு வந்துவிட்டீர்களே!

அந்தத் தாயை எது கலங்க வைக்கிறது என்பதையும் பாருங்கள். மகள் விளையாடிய நொச்சி மரம், அவள் விளையாடிய திண்ணை. பாட்டு "மணி ஏர் நொச்சியும் தெற்றியும் கண்டே" என்று முடிகிறது. போனவள் விட்டுப்போன இடத்தைப் பார்த்தபடி பாட்டு நின்றுவிடுகிறது. உங்கள் வாட்டர் பாட்டிலும் அந்தத் தெற்றிக்கு உறவு. உணர்ச்சியைச் சொல்லவே கூடாது என்று யாராவது உங்களுக்குப் பாடம் எடுத்தால் முழுக்க நம்ப வேண்டாம். அந்தத் தாயும் "உள்ளின் உள்ளம் வேமே", நினைத்தால் நெஞ்சு வேகிறது என்று வாய்விட்டுச் சொல்லத்தான் செய்கிறாள். ஆனால் மூன்றே சொல். உடனே கண் நொச்சிக்கும் தெற்றிக்கும் போய்விடுகிறது. உவமையும் கூடாது என்பதில்லை. கண்ணின் மணிக்குள் தெரிகிற பாவை இறங்கி நடக்கப் பழகினாற்போல இருந்தவள் என்று மகளைச் சொல்கிறாள். பார்த்துப் பார்த்து வளர்த்தவள் சொல்லக்கூடிய உவமை. சிட்டுக்குருவி யாருக்கும் பொருந்தும், அதனால் உங்கள் மகளுக்குப் பொருந்தவில்லை.

வாட்ச்மேன் வரிக்குத் திரும்புகிறேன், எனக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. "பழகிடும்." எழுவாய் எங்கே? இல்லை. தமிழில் அப்படிச் சொல்லலாம், இலக்கணத்தில் தோன்றா எழுவாய் என்பார்கள். குழந்தை பழகிடும் என்றுதான் அவர் சொன்னார். ஆனால் அந்த நேரத்தில் பழக வேண்டிய குழந்தை பொம்மையைப் பார்த்துக்கொண்டு போய்விட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் நீங்கள் ஒருவர்தான். யார் பழக வேண்டும்? அந்த விடுபட்ட எழுவாய்க்குள் நீங்கள் இருக்கிறீர்கள். இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. விளக்கினால் செத்துவிடும். கடைசியில் வைத்துவிட்டு நகர்ந்துவிட்டால் போதும். "கெளம்புங்க" என்ற சொல்லும் சும்மா இல்லை. நீங்கள் கிளம்பினால் பாட்டிலும் கிளம்புகிறது.

இப்போது உங்கள் கடிதத்தையும் கவிதையையும் சேர்த்து நான் அடுக்கிப் பார்த்ததைக் கீழே தருகிறேன். நடுவில் அந்தப் பைகள் மட்டும் நான் போட்டவை. உங்களுக்கு அன்று வேறு ஏதாவது தெரிந்திருந்தால் அதை வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் உங்கள் சரக்கு.

முதல் நாள்

கேட் பாதிதான் திறந்திருக்கிறது.
கையில் கம்பி,
தோளில் அவள் பாட்டில்,
நான் வெளியே.

முன்னால் போகிற பையனின் பையில்
ஒரு பொம்மை ஆடுகிறது.
அதைப் பார்த்துக்கொண்டே
போகிறாள்.

ஒரு பையும் இரண்டு கால்களும்.
அப்புறம்
பைகள்.

"ரெண்டு நாள்ல பழகிடும்,
கெளம்புங்க"
என்கிறார் வாட்ச்மேன்.

இதில் பள்ளி என்ற சொல் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். "முதல் நாள்" என்ற தலைப்பும், கேட்டும் பையும் வாட்ச்மேனும் சேர்ந்து அதைச் சொல்லிவிடுகின்றன. தலைப்பை "வாட்டர் பாட்டில்" என்று வைக்கலாமா என்றும் யோசித்தேன். வைத்தால் வாசகன் முதலிலிருந்தே பாட்டிலைத் தேடிக்கொண்டிருப்பான், மறந்து கடக்க மாட்டான். மறந்து கடந்தால்தான் அவனும் உங்களோடு கேட்டில் நின்றதாக ஆகும்.

"போகிறாள்" தனி வரியில் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. "அதைப் பார்த்துக்கொண்டே" என்று முடிகிற வரியின் ஓரத்தில் ஒரு கணம் நிற்க வேண்டியிருக்கிறது. பார்த்துக்கொண்டே நிற்கிறாளோ, திரும்புவாளோ என்று ஓர் எதிர்பார்ப்பு. அடுத்த வரியில் போய்விடுகிறாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை என்று சொல்லாமலே அது அங்கே இருக்கிறது. "அப்புறம்" தனியாக நிற்பதும் அப்படித்தான், நீங்கள் எட்டிப் பார்த்த நேரம் அது. "பை" என்பது "பைகள்" ஆகும்போது அவள் கூட்டத்தில் கலந்துவிட்டாள். இப்போது "நம்ம பொண்ணு எங்க இருக்கா" என்று மனைவி கேட்டால் அது கவிதைக்கு உள்ளே இருந்து கேட்கிற கேள்வியாகிவிடும். மற்ற வரிகளைச் சும்மா மூச்சுக்கு ஏற்றபடி உடைத்தேன், அவற்றுக்குப் பெரிய காரணம் ஏதும் இல்லை.

இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. பாட்டிலைச் சிலர் பிடிக்கவே மாட்டார்கள். அவர்களுக்கு இது வெறும் பள்ளிவாசல் காட்சியாக நின்றுவிடும். அதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. கம்பெனியில் மூன்று பேரிடம் வாசிக்கக் கொடுங்கள், விளக்கம் எதுவும் சொல்லாதீர்கள். வாசித்து முடித்ததும் "பாட்டில் எங்கே இருக்கு?" என்று மட்டும் கேளுங்கள். முகம் மாறினால் கவிதை வேலை செய்கிறது. மூன்று பேரும் "எந்த பாட்டில்?" என்றால் கொஞ்சம் ஏற்ற வேண்டும். அப்போதும் கடைசிக்குக் கொண்டுபோகாதீர்கள். "தோளில் அவள் பாட்டில், நிறையத் தண்ணீர்" என்று இரண்டு சொல் கூட்டினால் போதும், கனம் வந்துவிடும். அதற்கு மேல் போனால் மறுபடியும் "மட்டும்" வந்து நிற்கும்.

நான் எழுதியதை அப்படியே எடுத்து அனுப்ப வேண்டாம். ஒரு வாரம் மூடி வைத்துவிட்டு, தாளைப் பார்க்காமல் நீங்களே மறுபடி எழுதுங்கள். நினைவில் நிற்காமல் விழுந்துபோன வரி விழவேண்டியதுதான். பத்திரிகைக்கு அனுப்பும்போது கவிதையை மட்டும் அனுப்புங்கள், வாட்ஸ்அப்பில் அழுதவர்களைப் பற்றி எழுத வேண்டாம். பல இதழ்கள் வேறெங்கும் வெளிவராததைத்தான் கேட்கும். அதனால் புது வடிவத்தைக் குழுவில் போடாமல் கொஞ்ச நாள் கையைக் கட்டிக்கொண்டிருங்கள்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். அன்றைக்குத் தண்ணீருக்கு அவள் என்ன செய்தாள் என்று வீட்டில் விசாரித்தீர்களா? அந்தப் பொம்மைப் பை பையன் கொடுத்தானா, டீச்சர் கொடுத்தாரா, குடிக்காமலே வந்துவிட்டாளா? கேட்டிலிருந்து அது தெரிய வழியில்லை, அதனால் இந்தக் கவிதையில் அதற்கு இடம் இல்லை. வேறொரு தாளில் குறித்து வையுங்கள்.